ஸ்கிப் பொத்தானுக்கு முன்னால் ஐந்து விநாடி

சித்திரைப் புத்தாண்டுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது மருதமுனையில் கைத்தறிச் சாரிக் கடை வைத்திருக்கும் நானா ஒருவர் என்னைக் கூப்பிட்டார். நான் கல்லடியில் இருந்துகொண்டு வீடியோ எடுத்து, வெட்டிக் கொடுப்பவன். கலியாண வீடுகள்தான் அதிகம். கடை விளம்பரமும் செய்வேன். நானாவின் வீட்டுக்குப் பின்னால் தறிகள், முன்னால் கடை. "தம்பி, யூடியூபில ஒரு விளம்பரம் போடணும். மட்டக்களப்பு, அம்பாறை ரெண்டு மாவட்டமும் போதும்" என்றார். கையில் 20,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார்.

ஸ்கிப் செய்யக்கூடிய விளம்பரமாகவே போட்டோம். வேறொரு வீடியோ தொடங்குமுன் நம்முடையது ஓடும், ஐந்து விநாடி போனதும் ஸ்கிப் பொத்தான் வரும். பார்வை ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கில் போட்டால், பார்ப்பவர் 30 விநாடி பார்த்தால்தான் காசு வெட்டுப்படும். விளம்பரமே 30 விநாடியை விடச் சின்னது என்றால் முழுவதையும் பார்த்தால் வெட்டும். அதற்கு முன்னால் விளம்பரத்தைத் தட்டி உள்ளே போனாலும் பார்வையாகவே எண்ணப்படும். ஆயிரம் தடவை காட்டுவதற்கு இவ்வளவு என்ற முறையில் போட்டால் இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் ஸ்கிப் செய்தவருக்கும் சேர்த்துத்தான் காசு போகும். நாங்கள் போட்டது பார்வைக் கணக்கில்.

முதல் வெட்டு 48 விநாடி. ட்ரோனில் மருதமுனைக் கடற்கரை, மெல்லிய இசை, விடிகாலை வெளிச்சம், ஏழாவது விநாடியில் கடையின் பெயர் மெதுவாக எழுந்து வரும். அதன் பிறகுதான் தறி, அதன் பிறகு சாரி. நானாவுக்கு நன்றாகப் பிடித்தது. எனக்கும் பிடித்தது.

நாலு நாள் ஓடிய பிறகு யூடியூப் விளம்பரங்களைப் போடும் கூகுள் ஆட்ஸைத் திறந்தேன். "View rate" 14 சதவீதம். அதாவது காட்டிய நூறு தடவையில் 14 தடவைதான் பார்வையாக எண்ணப்பட்டிருந்தது. "Video played to" என்ற நிரலில் 25% வரை போனது 27 சதவீதம். மற்ற 73 பேர் எந்த விநாடியில் போனார்கள் என்று இந்த அறிக்கை சொல்லாது. 48 விநாடியில் கால் பங்கு என்றால் 12 விநாடி. ஸ்கிப் பொத்தான் வந்தது ஐந்தில். இடையில் ஏழு விநாடி இருட்டாகவே இருக்கிறது, பெரும்பாலானோர் போவதும் அதற்குள்தான்.

அந்த இருட்டைப் பார்க்க யூடியூப் ஸ்டூடியோவுக்குப் போகவேண்டும். வீடியோவின் அனலிட்டிக்ஸில் எந்த நொடியில் எத்தனை பேர் மிச்சம் என்று காட்டும் கோடு ஒன்று இருக்கிறது. அதில் தானாக வந்து பார்த்தவர்களையும் ஸ்கிப் விளம்பரத்தில் பார்த்தவர்களையும் தனித்தனியாகப் பிரிக்கலாம். பிரிக்காமல் பார்க்கவே கூடாது. நானாவின் சொந்தக்காரர் எல்லாருக்கும் அந்த இணைப்பு வாட்ஸ்அப்பில் போயிருந்தது. அவர்கள் கடைசிவரை பார்த்ததால் மொத்தக் கோடு அழகாக இருந்தது.

பிரித்ததும் கோடு வேறு கதை சொன்னது. ஐந்தாவது விநாடி வரை நூற்றுக்கு 95 பேர். எட்டாவது விநாடியில் 38. பன்னிரண்டில் 27, இருபத்து நாலில் 17, முப்பதில் 14. முதல் ஐந்து விநாடி கோடு மட்டமாக ஓடுவதைப் பார்த்துத் தொடக்கம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக்கூடாது. பொத்தான் இல்லாததால் இருந்தார்கள், அவ்வளவுதான். தொடக்கத்துக்கான தீர்ப்பு ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில் எழுதப்படுகிறது.

நானாவுக்குக் காட்டினேன். "இவ்வளவு பேரும் ஸ்கிப் பண்ணிட்டாங்களே. அதுக்கும் காசா?" என்று கேட்டார். "இல்ல நானா, ஸ்கிப் பண்ணினவங்களுக்குக் காசு இல்ல. ஆனா அவங்களும் அஞ்சு செக்கன் பார்த்திருக்காங்க. அந்த அஞ்சு செக்கன்ல நாங்க கடல மட்டும்தான் காட்டியிருக்கிறம்" என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே அது உறைத்தது. நூற்றுக்கு 95 பேர் ஐந்து விநாடி தந்திருக்கிறார்கள், பெரும்பாலானோர் இலவசமாக. அதில் சாரி என்ற சொல் இல்லை, மருதமுனை என்ற பெயர் இல்லை, ஒரு முழம் துணி கூட இல்லை.

இருந்தும் அடுத்ததாக நான் செய்தது தவறான வேலை. நீளம்தான் பிரச்சினை என்று எண்ணி, தொடக்கத்தை அப்படியே விட்டு, நடுவை வெட்டி 24 விநாடியாக்கினேன். மூன்று நாளில் "View rate" 14இலிருந்து 18ஆக ஏறியது. 25% வரை போனவர்கள் 27இலிருந்து 70! நானாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன், அவரும் சந்தோசப்பட்டார்.

அன்றிரவு ஸ்டூடியோவின் இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் உண்மை தெரிந்தது. 24 விநாடியில் கால் பங்கு என்பது 6 விநாடி. ஸ்கிப் பொத்தான் வந்து ஒரு விநாடிதான் ஆகியிருக்கும், பலரின் விரல் இன்னும் திரையைத் தொட்டிருக்காது. அந்த 70ஐப் பழைய வீடியோவின் பன்னிரண்டாவது விநாடியோடு ஒப்பிட்டால் சரிவராது. பார்வைக் கணக்கும் அப்படித்தான். பழையதில் 30 விநாடி பார்க்கவேண்டும், புதியதில் 24 போதும். பழைய வீடியோவிலேயே 24ஆவது விநாடியில் 17 பேர் இருந்தார்கள். புதியதில் 18. எட்டாவது விநாடியில் பழையது 38, புதியது 39. ஆக, எதுவுமே மாறவில்லை. அளவுகோல்தான் மாறியிருந்தது. அடுத்த நாளே நானாவிடம் போய், நேற்றுச் சொன்னது பிழை என்று சொன்னேன்.

அன்றிலிருந்து இரண்டு வெட்டுகளை ஒப்பிடும்போது சதவீதப் புள்ளியை நான் எடுப்பதில்லை. ஒரே விநாடியைத்தான் எடுக்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு இடத்தை மட்டும் மாற்றுகிறேன். இன்னொன்று: கூகுள் ஆட்ஸில் சில வகை கம்பெய்ன்கள் அதே வீடியோவை ஷார்ட்ஸிலும் தேடல் பக்கத்திலும் கூடக் காட்டும். அங்கே பார்வை எண்ணும் முறையே வேறு. அறிக்கையை விளம்பர வடிவத்தின்படி பிரித்துவிட்டுத்தான் பார்க்கவேண்டும்.

சரி, இனித் தொடக்கம். திரும்ப மருதமுனைக்கு பஸ் ஏறினேன். கடற்கரைக்குப் போகவில்லை, நேரே தறிக்குள் போய் இருந்தேன். நானாவின் தங்கை நெய்துகொண்டிருந்தார். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய்ந்து, பலகை வந்து 'டக்' என்று அடிக்கும் சத்தம் இருக்கிறதே, அதைத் தலைக்குள் வாங்கினால் இசை எதுவும் தேவைப்படாது. ஒரு விநாடிக்குள் ஒரு அடி விழும். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் கடும் நீலம். மைக்கைத் தறிக்கட்டைக்குக் கிட்டக் கட்டி, கமராவை விரல் தெரியும் அளவுக்கு நெருக்கி வைத்தேன்.

புது ஐந்து விநாடி இப்படி அமைந்தது. முதல் விநாடியில் நேரே நாடா பாய்கிறது, சத்தத்தோடு. மெதுவாக எழுந்து வரும் எதுவும் இல்லை. இரண்டாவது விநாடியில் அந்தத் தங்கையின் குரல்: "இது மருதமுனைத் தறியில நெய்த சாரி." நாலாவது விநாடியில் தறியிலிருந்து அறுத்த நீலச் சாரி முழுவதாக விரிகிறது, கடையின் பெயரும் "4,500 ரூபாயிலிருந்து" என்ற எழுத்தும் வருகிறது. இதில் தட்டிவிட்டுப் போகிறவர் கூட, என்ன பொருள், எந்த ஊர், என்ன விலை என்பதை எடுத்துக்கொண்டுதான் போவார். சாரி தேவையே இல்லாதவர் ஐந்தாவது விநாடியில் போவதும் நல்லதுதான். அவரைக் கடல் காட்டி முப்பது விநாடி பிடித்து வைத்தால் நானாவின் காசுதான் கரையும்.

விலையை முதலில் வலப்பக்கக் கீழ் மூலையில் எழுதியிருந்தேன். என் போனில் போட்டுப் பார்த்தபோது ஸ்கிப் பொத்தான் வந்து நேரே அதன் மேல் உட்கார்ந்தது. இடப்பக்கக் கீழ் மூலையிலும் விளம்பரம் என்ற குறியும் இணைப்பும் வந்துவிடும். எழுத்தை மேலே தூக்கினேன். வெட்டும் கணினியில் இது தெரியவே தெரியாது. விளம்பரமாக ஓடும்போதுதான் தெரியும்.

மீதி 19 விநாடியைத் தொடவில்லை. நீளமும் அதே 24. நாலு நாள் கழித்துப் பார்த்தபோது எட்டாவது விநாடியில் 54 பேர். முன்பு 39. பன்னிரண்டில் 42, முன்பு 28. கடைசியில் 27. ஐந்தாவது விநாடி மட்டும் மூன்று வெட்டிலும் ஏறக்குறைய 95தான். அந்த எண் எதையும் சொல்வதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எட்டாவது விநாடிக்குள் போகிற 46 பேரைப் பற்றி நான் இப்போது பெரிதாகக் கவலைப்படுவதில்லை. பொத்தான் வருமுன்னே விரலை வைத்துக் காத்திருப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். எந்தத் தொடக்கமும் அவர்களை முழுக்க நிறுத்தாது. ஆனால் புதிய கோட்டில் இன்னொரு படி தெரிந்தது. பதினாலாவது விநாடியில் 41, பதினாறில் 33. இரண்டே விநாடியில் எட்டுப் பேர். அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால் சாரி, சாரம், படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு என்று ஒரு பட்டியல் எழுத்தாக நிற்கிறது, தறிச் சத்தமும் நின்றுவிடுகிறது. தொடக்கம் கெட்டிருந்த காலத்தில் இந்தப் படி கண்ணில் படவில்லை, ஏனென்றால் அங்கே போய்ச் சேர்ந்தவர்களே குறைவு. பட்டியலை எடுத்துவிட்டு, நானா அந்த நாலு துணியையும் ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து வைக்கும் காட்சியைச் சத்தத்தோடு போட்டேன். பதினாறாவது விநாடி 38 ஆனது.

புத்தாண்டுக்கு மூன்று நாள் முன்னால் காசு முடிந்தது. போன் எடுத்தவர்களிடம் எதில் பார்த்தீர்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதச் சொல்லியிருந்தேன். களுவாஞ்சிகுடி அக்கா ஒருவர், "ஸ்கிப் பண்ணக் கை வைச்சன், டக்டக்கெண்டு சத்தம் கேட்டு விட்டிட்டன்" என்றாராம். அந்தக் கொப்பியில் 31 அழைப்பு இருந்தது. அதில் 12 பேர் கேட்டது அந்த நீலச் சாரியை. வீடியோவில் அந்த நீலம் ஐந்தாவது விநாடிக்குப் பிறகு எங்கேயும் வராது. நானா இப்போது இரண்டு தறியில் நீலப் பாவு ஏற்றியிருக்கிறார்.