61 குறைகளும் ஒரு பென்சில் கோடும்

வவுனியாவில் வாங்கிய மாடிவீட்டின் சாவி கைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. ஆறு வீடுகள் கொண்ட சின்னக் கட்டடம், எங்களுடையது முதலாம் மாடி. உடன்படிக்கை, வங்கிக் கடன், உறுதி எழுதுவது எல்லாம் பெரிய தொல்லையில்லாமல் முடிந்தன. கடைசியில் ஒரு குறைப்பட்டியல்தான் என்னை ஆடி மாதம் தொடங்கி ஐப்பசி வரைக்கும் ஏ9 வீதியில் அலைய வைத்தது.

நான் படிப்பிப்பது கிளிநொச்சியில். பஸ்ஸில் போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை மணித்தியாலம். முதல் பயணமே வீண். "வீடு ரெடி ரீச்சர், வந்து பாருங்கோ" என்று சைற் சுப்பவைசர் சொன்னதை நம்பி சனிக்கிழமை லீவைச் செலவழித்துப் போனால் வீட்டுக்குக் கரண்ட் இல்லை, மேல் தாங்கியில் தண்ணீர் இல்லை, ஒரு படுக்கையறைச் சாவி வேறு யாரோ கொண்டு போய்விட்டார்கள். தண்ணீரும் கரண்டும் இல்லாத வீட்டில் சுவரைத்தான் பார்க்கலாம். ஆகவே போக முன்னர் தொலைபேசியில் மூன்று கேள்வி கேளுங்கள்: மீற்றர் பூட்டிக் கரண்ட் வந்துவிட்டதா, தாங்கி நிரம்பியிருக்கிறதா, எல்லாக் கதவுச் சாவியும் அங்கே இருக்கிறதா. "ஓம், எல்லாம் இருக்கு" என்றால் எரிகிற லைற்றைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாம் முறை சித்தப்பாவையும் கூட்டிப் போனேன். கட்டட வேலைப் பகுதியில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு ரூபாய்க் குற்றியால் ரைல்ஸைத் தட்டிக்கொண்டே வந்தார். அடியில் சாந்து நிரம்பாத ரைல் 'டொக்' என்று வெறுமையாகச் சத்தம் போடும். குசினியில் மட்டும் பதினொரு ரைல்ஸ் அப்படி. நான் அறை அறையாக எழுதினேன். மூன்று தாள், 61 குறைகள். சுப்பவைசர் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு கிழமை தாங்கோ" என்றார்.

அங்கேதான் நான் விட்ட பிழை. அறைவாரியாக எழுதினால் பார்ப்பவருக்கு வசதி, வேலை செய்பவருக்கு அல்ல. மேசன் வந்தால் மூன்று தாளையும் புரட்டித் தன் வேலையைத் தேடவேண்டும். யாருக்கு அந்தப் பொறுமை? அன்றைக்குச் சைற்றில் நின்றது பெயின்ரர் ஒருவர் மட்டும். தாள் அவர் கைக்குப் போயிருக்கிறது. பெயின்ற்றால் மறைக்கக்கூடிய எல்லாவற்றையும் மனுசன் மறைத்துவிட்டார்: பூச்சு வெடிப்பு, சுவிச் பெட்டியைச் சுற்றியிருந்த ஓட்டை, இரண்டாம் அறைச் சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு இருந்த ஈரக்கறை. சுப்பவைசர் ஒவ்வொன்றுக்கும் நேரே 'சரி' போட்டு வைத்திருந்தார். நான் போய்ப் பார்த்தபோது வீடு பளிச்சென்று இருந்தது. ஒரு கிழமைக்குள் கறை திரும்ப எட்டிப் பார்த்தது.

சித்தப்பா பட்டியலைத் திருப்பி எழுதச் சொன்னார். ஒவ்வொரு குறைக்கும் அறையின் எழுத்தும் ஒரு இலக்கமும்: குளியலறையில் ஏழாவது என்றால் கு-7. எதிரே கண்ணால் கண்டது, எந்தத் தொழிலாளிக்குரியது, படத்தின் இலக்கம், திருத்திய திகதி, பார்த்துச் சரி சொன்னவர் கையெழுத்து. 'சரி' போடும் கட்டம் எனக்குரியது, சுப்பவைசருக்குரியது அல்ல. பிறகு அதே பட்டியலைத் தொழில்வாரியாகப் பிரித்து மேசனுக்கு ஒன்று, பைப் வேலைக்கு ஒன்று, வயரிங்குக்கு ஒன்று, தச்சருக்கு ஒன்று, பெயின்ரருக்கு ஒன்று என ஐந்து தாள். பெயின்ரர் தாளின் தலைப்பில் 'மற்ற நாலு தாளும் முடிந்த பிறகு' என்று சிவப்புப் பேனையால் எழுதினேன். இரண்டாம் அறைக் கறைக்கு அவர் தாளில் இடமே கொடுக்கவில்லை.

இன்னொன்று: கண்டதை மட்டும் எழுதவேண்டும், காரணத்தை எழுதக்கூடாது. முதல் பட்டியலில் நான் 'பைப் ஒழுகுகிறது' என்று எழுதியிருந்தேன். பைப்காரர் வந்து பார்த்து, "பைப் ஒழுகேல்லை" என்று சொல்லிப் போய்விட்டார். அவர் சொன்னது உண்மைதான். குறையும் அதோடு அடிபட்டுப் போனது. புதுப் பட்டியலில் அதே குறை, 'குளியலறைப் பக்கச் சுவரின் அடியில் ஈரம், உயரம் 22 சென்ரிமீற்றர், அகலம் 70' என்று போனது. அதை யாராலும் இல்லை என்று சொல்லமுடியாது.

அந்தக் கறையின் காரணத்தைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். சந்தேகப்பட மூன்று இடம் இருந்தன. ஒன்று, சுவருக்குள் எந்நேரமும் தண்ணீர் நிற்கும் நல்ல தண்ணீர்ப் பைப். இரண்டாவது, கழிவுநீர் போகும் பைப். மூன்றாவது, குளியலறைத் தரை. மூன்றையும் ஒரே நாளில் சோதித்தால் எது குற்றவாளி என்று தெரியாது. பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு கிழமை அங்கேயே தங்கினேன்.

முதலில் கறையின் விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதினேன். வால்வைத் திறந்துவிட்டு மூன்று நாள் அந்தக் குளியலறையைப் பாவிக்கவில்லை. கோடு தாண்டவில்லை. அப்படியென்றால் நல்ல தண்ணீர்ப் பைப்பில் பிழையில்லை. அடுத்து ஹோஸைத் தரையிலுள்ள வடிகால் துளைக்குள் நேரே விட்டு, தரை நனையாமல் பத்து வாளி அளவு தண்ணீர் ஓடவிட்டேன். இரண்டு நாள் பார்த்தேன், அசைவில்லை. கழிவுப் பைப்பும் தப்பியது. (சுவர் ஈரத்தைக் காட்டுவதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். அரைநாள் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள்.)

கடைசியாகத் தரை. ஈரமணலைப் பொலித்தீன் பையில் கட்டி வடிகால் துளையை அடைத்து, வாசல்படி தாண்டாத அளவுக்கு, ஆழமான இடத்தில் மூன்று சென்ரிமீற்றர் வரும்படி தண்ணீர் நிறுத்தினேன். சுவர் ரைலில் நீர்மட்டத்துக்கு ஒரு ரேப் துண்டு. வன்னி வெயிலில் தண்ணீர் தானாகவும் வற்றும், அதைச் சாட்டாகச் சொல்லப் போகிறார்கள் என்று சித்தப்பா முன்கூட்டியே சொன்னார். ஆகவே ஒரு தட்டையான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதையும் குளியலறைக்குள்ளேயே வைத்தேன். 24 மணித்தியாலம் கழித்துப் பாத்திரத்தில் இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் குறைந்திருந்தது. தரையில் கிட்டத்தட்ட ஒன்றரைச் சென்ரிமீற்றர். அடுத்த அறையில் ஈரம் பென்சில் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் மேலே வந்துவிட்டது. சுவருக்கு முன்னால் குந்தியிருந்து நான் சிரித்த சிரிப்பைக் கேட்டுக் கீழ்வீட்டு அன்ரி மேலே ஏறி வந்துவிட்டார்.

சுப்பவைசர் சொன்ன மருந்து, ரைல்ஸ் இடைவெளிக்குத் திரும்பச் சாந்து நிரப்புவது. "இதோட சரி வரும் ரீச்சர்." இடைவெளிச் சாந்து தண்ணீரைத் தடுப்பதற்கல்ல. தடுப்பது ரைலுக்குக் கீழே பூசும் நீர்த்தடுப்புப் பூச்சுத்தான். என் வீட்டுக்காரர் சுப்பவைசர் பக்கம் நின்றதால் அதற்கும் விட்டுக்கொடுத்தேன். பத்து நாளில் ஈரம், புதிதாகப் போட்ட இரண்டாவது கோட்டையும் தாண்டியது. அதன் பிறகுதான் உடைத்தார்கள். தரையில் பூச்சு இருந்தது. ஆனால் தரையும் சுவரும் சேரும் மூலையில் கத்தியால் வெட்டினதுபோல நின்றுவிட்டது. அதைச் சுவரில் ஒரு சாண் அளவாவது மேலே ஏற்றியிருக்க வேண்டும், குளிக்கும் மூலையில் இன்னும் உயரமாக. ரைல்ஸ் பதித்த பிறகு இது வெளியே தெரியவே தெரியாது. புதிதாகப் பூசியபின், ரைல் வைக்க முன்னர் இன்னொரு முறை தண்ணீர் கட்டிப் பார்க்காமல் நான் விடவில்லை. அப்போதே தரைச் சரிவையும் மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் வரும்படி வடிகாலை நோக்கித் திருத்தினார்கள். கதவடியில் குட்டையாக நிற்கும் தண்ணீர், அதாவது கு-3, அதோடு தீர்ந்தது.

வயரிங் தாளில் ஒன்றைச் சொல்லவேண்டும். "லைற் எரியுதுதானே" என்பது பதில் அல்ல. மூன்று சின்ன விளக்குள்ள சோதிக்கும் பிளக் ஒன்றை ஒவ்வொரு பொயின்ரிலும் குத்திப் பார்த்தோம். குளிர்சாதனப் பெட்டிக்கான பொயின்ரில் எர்த் வயரே பூட்டியிருக்கவில்லை. ட்ரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். எங்களுடையது விழுந்தது, சந்தோசம். ஆனால் அந்தப் பொத்தான் சுவிச் வேலை செய்வதை மட்டும்தான் காட்டும், பொயின்ரில் எர்த் இருக்கிறதா என்று காட்டாது.

கையளிப்பு அறிக்கை என்று நீட்டிய படிவத்தில் அச்சடித்த ஒரு வரி இருந்தது: 'குறைகள் எதுவுமின்றி வீட்டைப் பொறுப்பேற்றேன்.' கதிரை போட்டுத் தேத்தண்ணீர் தந்து, பேனையைத் திறந்து கையில் தருகிறார்கள். அந்த வரியை வெட்டி, 'இணைப்பு 1 இல் உள்ள 9 குறைகளும் இணைப்பு 2 இல் உள்ள மழைச் சோதனையும் நீங்கலாக' என்று கையால் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்தோம். மீற்றர் வாசிப்பு, சாவி எண்ணிக்கை, வயரிங், பைப் வரைபடங்கள், தண்ணீர்ப் பம்பின் உத்தரவாத அட்டை எல்லாம் அதே தாளில். அனுமதித்த வரைபடத்தின்படி கட்டியிருக்கிறது என்று உள்ளூராட்சிச் சபை தரவேண்டிய இணக்கச் சான்றிதழ் அன்றைக்கு இல்லை. அதையும் 'கிடைக்கவில்லை' என்றே எழுதினேன். சுப்பவைசர் முகம் கறுத்தது.

மழைச் சோதனை சித்தப்பாவின் யோசனை. எங்கள் பக்கம் ஆடி ஆவணியில் எந்த யன்னலும் ஒழுகாது, எந்தக் கதவும் இறுகாது. ஐப்பசி கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை அடித்தால்தான் வண்டவாளம் வெளியே வரும். ஹோஸால் அடித்துப் பார்க்கலாம்தான், ஆனால் காற்றோடு சாய்ந்து வரும் மழை வேறு. கடைசித் தவணையில் பாதியை மார்கழி முடியும்வரை என்னிடமே வைத்திருப்பதாக எழுத்தில் வாங்கினேன். இதற்குத்தான் அதிகம் சண்டை பிடித்தேன், முக்கால் மணித்தியாலம்.

கார்த்திகை இரண்டாம் கிழமை விறாந்தை யன்னலின் கீழ்க்கட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. வெளிப்பக்கக் கட்டை வீட்டுக்குள்ளே சரிந்திருந்தது. இரண்டாம் அறைக் கதவு ஊதி இறுகிவிட்டது. இந்த முறை மேசனுக்கும் தச்சருக்கும் தனித்தனித் தாளைப் படத்தோடு அனுப்பினேன். நாலு நாளில் இரண்டு பேரும் வந்தார்கள். சுப்பவைசர் தானாகவே கேட்டார்: "ரீச்சர், சரி போடுறது நீங்கள்தானே?"

இணக்கச் சான்றிதழ் தை மாதம் வந்தது, மிச்சப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். இரண்டாம் அறைச் சுவர் முழுதாகக் காய நாலு கிழமை விட்டுத்தான் பெயின்ற் அடிக்க விட்டேன். கோடுகள் மறைந்துவிட்டன. கட்டிலை மட்டும் அந்தச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டிருக்கிறேன்.