"இது எங்க கையெழுத்தே இல்லை"

தண்டையார்பேட்டையில் ஒரு டிரெய்லர் கம்பெனியில் பில்லிங் பார்க்கிறேன். துறைமுகத்திலிருந்து கன்டெய்னரை பார்ட்டியின் குடோனுக்குக் கொண்டுபோவது எங்கள் தொழில். 24 மணி நேரத்துக்குள் சரக்கை இறக்காவிட்டால் வண்டிக்கு நாளொன்றுக்கு 3,500 ரூபாய் ஹால்டிங், அதாவது காத்திருப்புக் கட்டணம். 2024இல் ஒரு பார்ட்டிக்கு இந்த அக்ரிமென்ட்டை மெயிலில் அனுப்பினோம். அவர்கள் பிரின்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். அசல் தாள் அவர்களிடமே தங்கிவிட்டது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் இரண்டு மாத ஹால்டிங் பில்லுக்குப் பணம் வந்தது. பிறகு 53 நாளுக்கு 1,85,500 ரூபாய் பில் போட்டபோது, "இது எங்க கையெழுத்தே இல்லை, யாரோ ஒட்டியிருக்காங்க" என்றார்கள்.

தம்பு செட்டித் தெரு வக்கீல் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஒரிஜினல் எங்கம்மா?" ஸ்கேனில் பேனாவின் அழுத்தம் தெரியாது, கையெழுத்து நிபுணரால் உறுதியாகச் சொல்வது கஷ்டம். ஸ்கேன் செய்த கையெழுத்து, தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்லும் மின்னணுக் கையெழுத்தும் ஆகாது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. "கையெழுத்தை விடுங்க. அந்த ரேட்டை அவங்க ஒத்துக்கிட்டு நடந்தாங்களா? அதைக் காட்டுங்க" என்றார். ஒப்பந்தத்தை நடத்தையாலும் நிரூபிக்கலாம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் பெயரில் மற்றவர்கள் பிடித்துக் கட்டிய வருமான வரியைக் காட்டுவது 26ஏஎஸ் படிவம். அன்று ராத்திரி அதைத் திறந்து வரிவரியாகப் பார்த்தேன். அந்த இரண்டு ஹால்டிங் பில்களுக்கும் அவர்கள் 2 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்டியிருந்தார்கள். தொகை எங்கள் பில்லோடு ரூபாய் பிசகாமல் பொருந்தியது. அக்ரிமென்ட்டே இல்லையென்றால் 3,500 என்ற கணக்கு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? கூடவே, ஸ்கேன் வந்த அவர்களுடைய கம்பெனி மெயிலும் எங்கள் இன்பாக்ஸில் அப்படியே இருந்தது. டிரைவர்களின் வாட்ஸ்அப் தகவல்கள்தான் போன் மாற்றியதில் போய்விட்டன. அந்த இழப்பு இன்னும் உறுத்துகிறது.

மெயிலை வெறும் பிரின்ட்டாகக் கோர்ட்டில் கொடுக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். முதல் பகுதியில் நானும் இரண்டாம் பகுதியில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் அதில் குறிக்க வேண்டும். அது தயாராகிக்கொண்டிருக்கும்போதே, 26ஏஎஸ் நகலை இணைத்து வக்கீல் நோட்டீஸ் போனது. மூன்றாம் வாரம் பேச வந்தார்கள். 1,50,000 ரூபாய்க்கு முடிந்தது.

இப்போது ஆதார் ஓடிபி மூலம் இ-சைன் வாங்குகிறோம். பிடிஎஃப்பைத் திறந்தால் கையெழுத்திட்டவர் பெயரும் நேரமும் தெரியும். நடுவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் காட்டிக்கொடுத்துவிடும். போன வாரம் ஆபீஸில் சேர்ந்த தம்பி அதைப் பிரின்ட் எடுத்து, ஸ்கேன் செய்து ஃபோல்டரில் போட்டிருந்தான். அந்த நகலில் சரிபார்க்க எதுவும் இல்லை, வெறும் படம்தான். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, வந்த மெயிலிலிருந்து அசல் கோப்பை மறுபடி இறக்கி, பெயர்கூட மாற்றாமல் சேமித்துக் காட்டினேன்.