மகளின் கணக்குக்காக ஒரு கடிதம்

மகளின் கணக்கை முடக்கிய தளத்துக்கு இன்று காலை அனுப்பிய கடிதம் இது.

வணக்கம். என் மகள் பிறந்தது 2009. பிறந்த தேதியைத் திருத்தும்போது கை தவறி 2019 என்று பதிந்துவிட்டாள். 13 வயது ஆகவில்லை என்று அன்றிரவே கணக்கு பூட்டப்பட்டது. உங்கள் விதி சரிதான், பிழை அந்த ஒரு எண்ணில்தான். முதலில் பள்ளி அடையாள அட்டையை அனுப்பினோம். அதில் பிறந்த தேதியே இல்லை, திருப்பிவிட்டீர்கள். சரி, இப்போது பிறப்புச் சான்றிதழை இணைத்திருக்கிறேன். கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ஆதார் பிரதியும் உண்டு. பெயர் ஒன்றேதான், இனிஷியல் மட்டும் முன்பின் மாறியிருக்கும். மூன்று வருடமாக அவள் போட்ட கோலங்களின் படங்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன, வேறு பிரதி இல்லை. அழிப்பதற்கு முன் ஒரு மனிதர் இதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.