வரம்பில் நின்றவன்: ஒரு விவசாய போதனாசிரியரின் நாட்குறிப்பு

ஜனவரி 2, வியாழன்

புது வருடத்தில் முதல் வேலைநாள் நேற்று. பாற்சோறும் உறுதிமொழியும் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டன. நான் உறுதிமொழி வாசிப்பது இது எத்தனையாவது தடவை என்று எண்ணிப் பார்த்தேன். 2010 இல் சேர்ந்தவன், பதினைந்து வரும்.

மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலம் அது. கிளிநொச்சியில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. வயல்களில் ஆளுயரத்துக்குப் பற்றை. முதல் காலபோகத்தில் சைக்கிளில் போய் வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி விதைநெல் பங்கிட்ட நாட்களை நினைத்தால், அந்தப் பெடியன் யாரோ என்று இருக்கிறது. அதே பதவி, அதே பிரிவு, நடுவில் மோட்டார் சைக்கிள் மட்டும் இரண்டு மாறியிருக்கிறது.

இன்று முரசுமோட்டைப் பக்கமிருந்து ஒரு கமக்காரர் வாட்ஸ்அப்பில் வயலின் படம் அனுப்பியிருந்தார். "சேர், பயிர் வெளிறுது, என்ன செய்யலாம்?" நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தில் பள்ளக்காணிகள் அழுகிப் போயின. இவருடையது மேட்டுப் பக்கம், தப்பிவிட்டது. விதைத்து இப்போது ஐம்பத்தெட்டு நாள். வெள்ளம் பசளையைக் கழுவிக்கொண்டு போயிருக்கும், வேறென்ன. "கடைசி யூரியாவைப் போடுங்கோ" என்று பதில் போட்டுவிட்டு மாதாந்த அறிக்கைக்குத் திரும்பினேன். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் பிடித்திருக்காது.

ஜனவரி 6, திங்கள்

கூடப் படித்த நண்பன் ஒருவன் மதியம் சாப்பாட்டு நேரத்தில் வந்தான். அவன் ஒரு விவசாய இரசாயன நிறுவனத்தில் இருக்கிறான். வடக்குக்கு ஒரு கள அலுவலர் தேவையாம். சம்பளம் இப்போது எடுப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, கூடவே வாகனம். விற்பனை இலக்கு உண்டு, ஆனால் "உனக்கு வன்னியில தெரியாத கமக்காரன் இல்லையே மச்சான்" என்றான். அவர்கள் வாங்க நினைப்பது என்னையல்ல, என் தொலைபேசியில் உள்ள எண்ணூறு இலக்கங்களை என்று தோன்றியது. இருந்தாலும் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

மனைவியிடம் சொன்னேன். "இப்ப விட்டால் பென்சன் போயிடுமே" என்றா. பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "ஆனால் இப்பிடி முகத்தை வைச்சுக்கொண்டு இன்னும் பதினாறு வருசம் நீங்கள் போய் வாறதையும் பார்க்க ஏலாது" என்றா. இரண்டும் சரிதான்.

ஜனவரி 11, சனி

இதை ஒளிக்காமல் எழுத வேண்டும்.

காலையில் முரசுமோட்டைக்காரர் படம் அனுப்பவில்லை, அழைப்பெடுத்தார். "தம்பி, ஒருக்கா வந்து பாருங்கோ." எப்போதும் சேர் என்பவர் தம்பி என்றால் காரியம் பெரிது. எங்கள் நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பயிலுநர் பிள்ளையும் வந்தா.

மூன்று ஏக்கர் வயலில் நாலு இடத்தில் வட்டமாகப் பயிர் கருகிக் கிடந்தது. வெந்நீர் ஊற்றியது போல. நான் வரம்பில் நின்று, "தண்ணி வத்தினதோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி, கருகலுக்கு வெளியே பச்சையாக நின்ற பயிரை இரண்டு கையாலும் விரித்து, அடியில் தட்டினா. தண்ணீரின் மேல் தவிடு தூவியது போல விழுந்தது. தவிடு நடந்தது.

"சேர், அறக்கொட்டி."

புத்தகத்தில் கபிலநிறத் தத்தி. அரிசி மணியிலும் சிறிய பூச்சி. இலையில் இருக்காது, தண்டின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, நிழலில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வரம்பில் நிற்பவன் கண்ணுக்கு அது ஒருநாளும் தெரியாது. மேலே தெரியும்போது வட்டம் கருகிவிட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து 2 ஆம் திகதிப் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். நைதரசன் குறைந்த வயல் இப்படி இருக்காது. அது வயல் முழுக்க ஒரே சீராக வெளிறும், அதுவும் அடியிலுள்ள பழைய இலை நுனியிலிருந்து தொடங்கும். இந்தப் படத்தில் வயல் கரும்பச்சை. வலது மூலையில் மட்டும் பாய் அளவில் இரண்டு மஞ்சள் வட்டங்கள். முதல் வருடத்தில் நானே கமக்காரருக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டிய வித்தியாசம்.

அந்த வயலுக்கு நான் யூரியா போடச் சொன்னேன். நைதரசன் ஏறிய இளந்தண்டு அறக்கொட்டிக்கு விருந்து.

ஜனவரி 12, ஞாயிறு

விடியவே போய்விட்டேன். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி இறங்கினேன். சேறு குளிர்ந்திருந்தது. கடைசியாக எப்போது இறங்கினேன் என்று யோசித்தேன், நினைவில் வரவில்லை.

கமக்காரரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். வெள்ளம் வடிந்ததும் பயிரைத் தேற்ற அவர் தானாகவே ஒரு தடவை யூரியா கூடப் போட்டிருக்கிறார். வீசி விதைத்த பயிர், அதிலும் விதை கூடிப்போய் நெருக்கம், அடியில் வெயிலே படவில்லை. நாற்பதாம் நாளளவில் மடிச்சுக்கட்டிக்கென்று கடையில் கொடுத்த மலிவான மருந்து ஒன்றை அடித்திருக்கிறார். மடிச்சுக்கட்டி அந்த வயதில் நாலு இலையைச் சுருட்டினால் பயிர் தாங்கும். அந்த மருந்து சாகடித்தது சிலந்திகளை. வயலில் அறக்கொட்டியைத் தின்று அடக்கி வைத்திருப்பது முக்கியமாகச் சிலந்தியும், முட்டையை உறிஞ்சும் ஒரு பச்சை நாவாய்ப் பூச்சியும்தான். காவலாளி போன வீட்டில் என்ன நடக்கும்? எல்லாவற்றுக்கும் மேலே என்னுடைய ஒரு நிமிடப் பதில்.

செய்தது இவ்வளவுதான். வாய்க்கால் மடையை அடைத்து வயல் தண்ணீரை வடிய விட்டோம், மூன்று நாலு நாள் அடி காயவேண்டும். தடியால் பயிரை இரண்டு பக்கமும் சாய்த்து ஐந்தாறு அடிக்கு ஒரு பாதை திறந்தோம், அடிக்கு வெளிச்சமும் காற்றும் போக. தத்திக்கென்றே சிபாரிசு செய்யப்பட்ட மருந்தை மட்டும் எடுத்து, கருகிய வட்டங்களில் அடிக்காமல், அவற்றைச் சுற்றியுள்ள பச்சைப் பயிருக்கு, குழாய் முனையைக் கீழே பிடித்துத் தண்டின் அடிக்கு அடித்தோம். செத்த இடத்தில் பூச்சி இல்லை, அது ஓரத்துக்குப் போய்விடும். ஆனால் பாதிப்பேர் கருகிய நடுவில்தான் நின்று அடிப்பார்கள். முட்டை தண்டின் உறைக்குள் இருப்பதால் மருந்து அதைத் தொடாது, ஒரு கிழமை கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

"யூரியா நீங்கள் சொல்லித்தான் போட்டனான்" என்று அவர் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னார். "ஓம் அண்ணை, பிழை என்னுடையது" என்றேன். அவர் வெற்றிலைப் பையைத் திறந்தார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வேலை பற்றி எழுதுவதில்லை என்று இருந்தேன், முடியவில்லை.

நான் எப்போது வரம்பிலேயே நிற்கத் தொடங்கினேன் என்பதற்கு ஏறத்தாழத் திகதி சொல்லலாம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதன்பின் மாதக்கணக்கில் சேதனப் பசளை செய்வது பற்றி வகுப்பு எடுத்தேன். ஒரு மூட்டை யூரியா 50 கிலோ, அதில் 23 கிலோ நைதரசன். நல்ல சேதனப் பசளையில் நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை. அந்த ஒரு மூட்டைக்கு ஈடாக இரண்டு தொன் அளவில் வேண்டும், அதிலும் எல்லாம் அந்தப் போகத்திலேயே பயிருக்குக் கிடைக்காது. மூன்று ஏக்கர்க்காரன் அவ்வளவு சாணத்துக்கும் குழைக்கும் எங்கே போவான்? இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். கூட்டத்தில் ஒரு அம்மா எழும்பி இதே கணக்கைக் கேட்டா. நான் படம் போட்ட தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். நவம்பரில் தடை விலகியபோது பயிர் மஞ்சளாக நின்றது. பிறகு அந்த அம்மா ஒரு வகுப்புக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகு வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை, அறிக்கைகள் எல்லாம் நேரத்துக்குப் போயின. ஆனால் எவர் எதைக் கேட்டாலும் பதில் முன்கூட்டியே வாயில் இருந்தது. அதை அனுபவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி உண்மையும்தான்: பத்தில் எட்டு வயலில் வரம்பில் நின்று சொன்னாலும் சரியாகத்தான் வரும். மிச்ச இரண்டு எவை என்பதுதான் வரம்பில் நின்றால் தெரியாது.

ஜனவரி 20, திங்கள்

வயலைப் பார்த்தேன். பயிலுநர் பிள்ளை பத்து இடத்தில் தட்டி எண்ணிக் கொப்பியில் எழுதினா. ஓரிரு இடம் தவிர மற்றதெல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. ஒரு தண்டில் சிலந்தி ஒன்று. அதைப் பார்த்து இருவரும் சிரித்துவிட்டோம்.

நண்பன் மறுபடி அழைத்தான். அந்த வேலைக்குப் போனால் நாற்பதாம் நாளில் மடிச்சுக்கட்டிக்கு மருந்து வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். "நீ ஏன் அதைச் சொல்லப்போறாய்?" என்றான். நேர்மையான பதில், அவனில் பிழை இல்லை. அவனுக்கும் மூன்று பிள்ளைகள்.

ஆனால் இதை வைத்து நான் பெரிய தியாகி என்று எழுதிக்கொள்ளவும் மனம் வரவில்லை. அங்கே போனால் மருந்து விற்பேன். இங்கே இருந்து பார்க்காமலே யூரியா போடச் சொன்னேன். சம்பளத்தில் மட்டும்தான் வித்தியாசம் என்று ஒரு மனம் சொல்கிறது. மாத முடிவு வரை தவணை கேட்டிருக்கிறேன்.

பெப்ரவரி 1, சனி

தவணை நேற்று முடிந்தது. அழைத்து, இந்த அறுவடை முடியட்டும் என்றேன். அவன் சிரித்தான்.

பெப்ரவரி 22, சனி

முரசுமோட்டையில் வெட்டு. மெசின் கருகிய வட்டங்களைச் சுற்றிக்கொண்டு போனது. மூன்று ஏக்கரில் கால் ஏக்கர் போல வெறும் வைக்கோல், மற்றது பரவாயில்லை. மூட்டைகளை அவர் எண்ணும்போது நான் எண்ணவில்லை, வேறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தேத்தண்ணி தந்தார். நண்பன் வந்துபோன கதை ஊரில் எப்படியோ பரவியிருக்கிறது.

"அடுத்த போகத்துக்கும் நீங்கள்தானே, தம்பி?"

"தெரியேல்லை அண்ணை. யோசிக்கிறன்."

அவர் பசளைப் பையொன்றைக் கிழித்து உட்புறத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். சட்டைப்பையிலிருந்து பேனையும் எடுத்துத் தந்தார்.

"அப்ப சிறுபோகத்துக்கு யூரியா எந்தெந்த நாளில எவ்வளவு எண்டு இப்பவே எழுதித் தாங்கோ. வாறவர் எப்பிடியோ தெரியாது."

எழுதத் தொடங்கினேன். இரண்டாவது தடவைக்கு நாளைக் குறித்துவிட்டு, அளவைப் போடாமல் நிறுத்தினேன். அதைப் பயிரைப் பார்க்காமல் எழுத முடியாது என்றேன்.

"அப்ப வந்து பார்த்திட்டு எழுதுங்கோ" என்று பையை மடித்துக் கூரைத் தாழ்வாரத்தில் செருகினார்.