சுவர்ப் பட்டியலை ஒட்டிய கதை: வரி இரட்டிக்காமலும் தொலையாமலும்

எங்கள் குளம் இரணைமடுபோலப் பெரியது அல்ல. இரண்டு துருசு, இரண்டு கரை வாய்க்கால், அவற்றின் கீழ் வயல். கமக்காரர் அமைப்பின் மண்டபச் சுவரில் இடது கரைக்கு ஒன்று, வலது கரைக்கு ஒன்று என இரண்டு நீளமான பட்டியல்கள் தொங்கின. பிறிஸ்டல் போர்ட் தாள்களை ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டி, வளையிலிருந்து இடுப்பளவு வரை கையால் எழுதியவை. பெயர், காணியின் அளவு, அவ்வளவுதான். ஒவ்வொரு கிளை வாய்க்காலின் முடிவிலும் ஒரு மொத்தம். வரிசை எண் கிடையாது.

காலபோகத்தில் எல்லோரும் விதைப்பார்கள், பட்டியலை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. சிறுபோகத்துக்குக் குளத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்து ஒரு பகுதிக்குத்தான் விதைப்பு என்று வரும்போதுதான், யாருக்கு எவ்வளவு காணி என்பது உயிர் பெறுகிறது. அதைக் கணினியில் ஏற்றித் தருவதாக ஒப்புக்கொண்டேன். அதற்குள் மண்டபத்துக்கு வெள்ளையடிக்க இடது கரைப் பட்டியலைக் கழற்றியாகிவிட்டது. தாள் கிழிந்துபோனது. மிஞ்சியவை செயலாளர் கழற்றுமுன் ஏணியில் நின்று எடுத்த ஆறு படங்கள். ஒவ்வொரு படத்தின் அடிவரிகள் அடுத்த படத்தின் தலையில் மீண்டும் வரும்படி எடுத்திருந்தார். எந்த வரியும் விடுபடக்கூடாது என்ற நல்ல எண்ணம். ஆனால் எத்தனை வரி மீண்டும் வருகிறது என்பது படத்துக்குப் படம் வேறு.

முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி, ஆறு படங்களையும் ஒரே நீளப் படமாக ஒட்டுவது. பனோரமா மென்பொருள் அதைச் செய்யும். ஆனால் அது பெரும்பாலும் எதிர்பார்ப்பது, ஒரே இடத்தில் நின்று திரும்பித் திரும்பி எடுத்த படங்களை. இங்கே கமராவே சுவரோடு கீழே இறங்கியிருக்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை கோடுகள். சம இடைவெளியில் நூற்றுக்கு மேற்பட்ட கோடுகள் இருக்கும் தாளில், ஒரு கோட்டை அதற்கு அடுத்த கோட்டின்மேல் பொருத்தினாலும் மென்பொருளுக்கு அழகாகத்தான் தெரியும். ஒட்டு எழுத்தின் நடுவே விழுந்தால் பாதி வெட்டுப்பட்ட எழுத்து காட்டிக்கொடுக்கும். கோட்டின்மேலேயே விழுந்தால் எந்தத் தடயமும் இல்லாமல் ஒரு வரி விழுங்கப்பட்டுவிடும். யாரோ ஒருவரின் ஒரு ஏக்கர் காணாமல்போய், படம் மட்டும் பளிச்சென்று இருக்கும். எனவே படங்களைப் படங்களாகவே விட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனி அட்டவணையாகத் தட்டெழுதி, அட்டவணைகளை ஒட்டுவது என்று முடிவு செய்தேன். கையெழுத்து ஆதலால் எழுத்துணரி மென்பொருளை நம்பவில்லை. பெறாமகள் மூன்று படம், நான் மூன்று படம்.

தட்டெழுதியதும் பெறாமகள் கேட்டாள்: “சித்தப்பா, எல்லாவற்றையும் ஒன்றின்கீழ் ஒன்றாகப் போட்டு `Remove Duplicates` கொடுத்தால் முடிந்ததுதானே?” கொடுத்தும் பார்த்தாள். 149 வரிகள் 94 ஆகச் சுருங்கின. கண்ணால் பார்த்தாலே படங்கள் அவ்வளவு மேற்படியவில்லை என்று தெரிகிறது.

காரணம் “மேற்படி” என்ற சொல். ஒருவருக்கே இரண்டு மூன்று துண்டுக் காணி இருந்தால், பட்டியல் எழுதியவர் பெயரை ஒருமுறை எழுதிவிட்டு அடுத்த வரிகளில் “மேற்படி” என்று போட்டுக்கொண்டு போயிருக்கிறார். “மேற்படி, 1 ஏக்கர்” என்ற வரி பட்டியல் முழுவதும் இறைந்து கிடக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளின் வேறு வேறு காணி. கணினிக்கோ எல்லாம் ஒன்றே, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிட்டது. மேற்படிகளைப் பெயராக மாற்றிவிட்டு அழித்தாலும் தப்பாது, ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து இரண்டு ஒரு ஏக்கர் துண்டுகள் இருக்கின்றன. ஒரே மாதிரி இருப்பதால் இரண்டு வரிகள் ஒரே வரி ஆகிவிடாது. சுவரில் ஒரே இடத்தில் இருந்தால்தான் ஒரே வரி.

ஆகவே நீக்க வேண்டியவை சிதறிக் கிடக்கும் வரிகளை அல்ல, ஒரு படத்தின் வாலும் அடுத்த படத்தின் தலையும் ஒன்றாக இருக்கும் தொடர்ச்சியான துண்டை மட்டுமே. மூன்றாம், நான்காம் படங்களின் சந்திப்பைக் காட்டுகிறேன். பெயர்களுக்குப் பதில் எழுத்துகளை இட்டிருக்கிறேன். அளவு ஏக்கர், றூட், பேர்ச்.

```
படம் 3, வால்          படம் 4, தலை
அ        2-0-0
மேற்படி  1-0-0
மேற்படி  1-0-0        மேற்படி  1-0-0
ஆ        0-2-0        ஆ        0-2-0
இ        1-2-0        இ        1-2-0
                      ஈ        2-0-0
```

நான்காம் படத்தின் பட்டியலை மூன்றாம் படத்தின் பட்டியலோடு ஏற்றி இறக்கிப் பார்த்தால், மூன்று வரி மேற்படியும்போது மட்டும் எல்லாம் பொருந்துகிறது. இரண்டு என்றாலும் நான்கு என்றாலும் குலைகிறது. விரிதாளில் இரண்டு நெடுவரிசைகளைப் பக்கத்தில் வைத்துக் கையாலேயே செய்யலாம். நான் சிறு நிரல் ஒன்று எழுதிக்கொண்டேன்:

```python
def overlaps(a, b):
    found = []
    for n in range(1, min(len(a), len(b)) + 1):
        bad = sum(not same(x, y) for x, y in zip(a[-n:], b[:n]))
        if bad <= n // 4:
            found.append((n, bad))
    return found
```

`same` என்பது இரண்டு வரிகளை ஒப்பிடும். அளவு அச்சொட்டாக இருக்க வேண்டும், பெயரில் ஓரெழுத்து வேறுபட்டால் பொறுத்துக்கொள்ளும். ஒரே கையெழுத்தை நான் ஒரு பெயரில் ‘ல’ என்று வாசித்ததை அவள் ‘ள’ என்று வாசித்திருந்தாள். `n // 4` என்பது நாலு வரிக்கு ஒரு பிழை பொறுக்கலாம் என்ற சலுகை. மூன்று வரிக்குக் குறைவான ஒட்டில் சலுகையே இல்லை, மூன்றிலும் இல்லை.

இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, ஒட்டி முடியும்வரை “மேற்படி”யைப் பெயராக நிரப்பக் கூடாது. மூன்றாம் படத்தைத் தட்டெழுதுகிறவருக்கு அது ‘அ’ என்று தெரியும். நான்காம் படத்தை வைத்திருப்பவருக்குத் தெரியாது, ஏனென்றால் ‘அ’ அவருடைய படத்திலேயே இல்லை. ஒருவர் நிரப்பி மற்றவர் விட்டால் ஒரே வரி இரண்டு விதமாகிவிடும். சுவரில் இருந்தபடியே எழுதி, ஒட்டிய பிறகு மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் நிரப்ப வேண்டும். இரண்டாவது கண்ணுக்கே தெரியாதது. ‘கொ’ என்பதைச் சில விசைப்பலகைகள் ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டு குறிகளாகப் போடுகின்றன, சில ஒரே குறியாகப் போடுகின்றன. திரையில் இரண்டும் ஒன்றே, ஒப்பிடும்போது வேறு. ஒப்பிடுவதற்கு முன் எல்லாப் பெயரையும் `unicodedata.normalize("NFC", s)` வழியாக அனுப்பினால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

நான்கு சந்திப்புகளுக்கு ஒரே ஒரு விடை வந்தது. ஐந்தாம், ஆறாம் படங்களுக்கு மட்டும் இரண்டு விடை: `[(1, 0), (2, 0)]`. ஐந்தாம் படம் இரண்டு “மேற்படி 1-0-0” வரிகளோடு முடிகிறது, ஆறாம் படம் அதே போன்ற இரண்டு வரிகளோடு தொடங்குகிறது. இரண்டு வரி மேற்படிந்தால் சுவரில் இருந்தவை இரண்டு. ஒரு வரி மேற்படிந்தால் மூன்று. இரண்டும் குற்றமில்லாமல் பொருந்துகின்றன. மிக நீளமான ஒட்டை எடு என்று நிரலுக்குச் சொல்லியிருந்தால் கேள்வியே கேட்காமல் ஒரு ஏக்கரை விழுங்கியிருக்கும். எல்லா விடைகளையும் பட்டியலிடச் சொன்னது இதற்காகத்தான்.

தீர்ப்புக்குப் படத்துக்கே திரும்பினோம். ஐந்தாம் படத்தின் கடைசி வரியின் ஓரத்தில் ஒரு மைத்துளி. ஆறாம் படத்தில் அதே துளி முதல் வரியின் ஓரத்தில். ஆகவே மேற்படிந்தது ஒரு வரிதான். அந்தக் கிளை வாய்க்காலின் மொத்தமும் அதையே சொன்னது. பட்டியலில் எழுதியிருந்தது 41-2-0. இரண்டு வரி ஒட்டினால் நமக்கு 40-2-0, ஒரு வரி ஒட்டினால் 41-2-0.

இந்தக் கூட்டலைத் தசமம்போலச் செய்யக் கூடாது. ஒரு ஏக்கர் 4 றூட், ஒரு றூட் 40 பேர்ச். 1-3-0 உடன் 0-2-20 சேர்த்தால் 2-1-20. எல்லாவற்றையும் பேர்ச்சாக்கிக் கூட்டிவிட்டுத் திருப்பி மாற்றுவது எளிது:

```
=B2*160+C2*40+D2
```

மொத்த வரிகளைக் கூட்டலில் சேர்க்காமல் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒட்டும்போது அவை நல்ல அடையாளக் கற்கள், ஏனெனில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. கடைசியில் ஆறு படங்களின் 149 வரிகளிலிருந்து 6, 5, 3, 7, 1 என 22 வரிகள் கழிந்து 127 நின்றன. ஆனாலும் மொத்தம் சரி என்பதால் எல்லாம் சரி என்று சொல்ல முடியாது. ஓரிடத்தில் ஒரு ஏக்கர் வரி இரட்டித்து, அதே வாய்க்காலில் இன்னோரிடத்தில் ஒரு ஏக்கர் வரி தொலைந்தால் மொத்தம் இம்மியும் அசையாது.

வலது கரைப் பட்டியல் அப்போதும் சுவரில்தான் இருந்தது. அதற்கு இந்தப் பாட்டையே படவில்லை. தச்சரின் இரும்பு அளவு நாடாவை வாங்கி, பட்டியலின் இடது ஓரத்தோடு தொட்டபடி மேலிருந்து கீழே தொங்கவிட்டு, ஒட்டு நாடாவால் அசையாமல் பிடித்தோம். பிறகு படங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கி நாடாவின் எண்கள் மங்கும், ஆவணமாக அனுப்பச் சொன்னேன். தட்டெழுதும்போது ஒவ்வொரு வரியின் கீழ்க்கோடும் நாடாவில் எத்தனை சென்ரிமீற்றரில் நிற்கிறது என்பதையும் ஒரு நெடுவரிசையில் எழுதினோம். பெயர் எதுவானாலும், மேற்படியானாலும், அந்த எண்தான் அந்த வரியின் முகவரி.

கைப்பேசி சற்றுச் சரிந்தால் வரியின் வலது முனை ஏறியோ இறங்கியோ தெரியும். அதனால் நாடாவை ஒட்டிய இடது முனையில்தான் வாசிக்க வேண்டும். ஒரே வரி ஒரு படத்தில் 84.4, இன்னொன்றில் 84.6 என்று வந்தது. வரியின் உயரம் ஏறத்தாழ 2.1 என்பதால் இந்த வித்தியாசம் பொருட்டல்ல. ஆனால் முழு எண்ணாக்கினால் ஒன்று 84, மற்றது 85 ஆகிப் பிரிந்துவிடும். ஆகவே எண்ணை அப்படியே வைத்து வரிசைப்படுத்தி, முந்தையதிலிருந்து ஒரு சென்ரிமீற்றருக்குள் இருப்பதை அதே வரி என்று கொண்டோம். இடைவெளி 4.2 அளவுக்கு விரிந்த இடங்கள் இரண்டு கிடைத்தன. ஒன்றில் குறிப்பு எழுதி வரி இரட்டை உயரமாகியிருந்தது. மற்றதில் பெறாமகள் ஒரு வரியைத் தாண்டியிருந்தாள். இரட்டித்ததையும் தொலைந்ததையும் ஒரே எண் காட்டிக்கொடுத்தது, இடது கரையில் இது வாய்க்கவில்லை.

வலது கரையில் ஒரு வாய்க்காலின் மொத்தம் மட்டும் ஒரு றூட் இடிக்கிறது. அந்த வாய்க்கால் முழுவதும் ஒரே படத்துக்குள் இருக்கிறது, ஒட்டே அதில் இல்லை, நாடாவிலும் இடைவெளி சீராக இருக்கிறது. எழுதியவரின் கூட்டலில் பேர்ச் றூட்டாக மாறும் இடத்தில் நழுவியிருக்க வேண்டும். மொத்தத்தை நான் திருத்தவில்லை. வரிகளின் கூட்டலையும் சுவரில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அந்த வாய்க்கால்காரர்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.