42-க்குள் ஒரு வரி

"மீட்புப் பணிகள் முழுவீச்சில் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன" என்று செய்தியாளர் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். அவர் பேச்சுக்கு நான் சப்டைட்டில் எழுதும் பெட்டி திரையில் சிவந்தது. ஒரு வரிக்கு வரம்பு 42 எழுத்துக்குறிகள். இது 55.

சிக்கல் அந்தக் கடைசி இரண்டு சொற்களில். கண்ணால் எண்ணினால் இடைவெளியோடு 16 எழுத்துகள்தான். மென்பொருளோ புள்ளியையும் கொம்பையும் தனித்தனியே எண்ணி 26 என்கிறது.

"நடக்கின்றன" என்று மாற்றினேன். அது 10 மட்டுமே. வரி 39-இல் அடங்கியது, பொருளும் நகரவில்லை. ("மேற்கொள்ள" என்ற சொல்லைச் செய்தியாளர்கள் ஏன் இப்படிக் காதலிக்கிறார்களோ!)

அடுத்த வரியில்தான் உண்மையான வம்பு. "குற்றம் சாட்டப்பட்டவரிடம் காவல்துறையினர் விசாரணை மேற்கொண்டு வருகின்றனர்." பக்கத்து இருக்கைத் தம்பி முதலிரண்டு சொற்களை "குற்றவாளியிடம்" என்று சுருக்கிவிட்டான். இடம் மிஞ்சியது. ஆனால் தீர்ப்பை நாமே எழுதிவிட்டோம்.

"தம்பி, அதைத் தொடாதே. மற்றதை வெட்டு" என்றேன்.

காவல்துறையினர் போலீசார் ஆனார்கள். விசாரணை மேற்கொண்டு வந்தவர்கள் விசாரிக்கின்றனர். "குற்றம் சாட்டப்பட்டவரிடம்" முதல் வரியில் முழுதாக நின்றது, மீதி இரண்டாம் வரிக்கு இறங்கியது.

"கூறப்படுகிறது" என்பதும் இப்படித்தான். நீளமாக இருக்கிறதென்று அதை நீக்கினால் வதந்தி செய்தியாகிவிடும். "உயிரிழந்ததாகக் கூறப்படுகிறது" என்பதை "உயிரிழந்ததாகத் தகவல்" என்று எழுதலாம். "உயிரிழந்தார்" என்று எழுதக் கூடாது.