இரண்டாம் குட்டையின் க்ளைம்: நாட்குறிப்பு

நவம்பர் 25

புயல் சின்னம் வலுப்பெறுகிறது என்கிறார்கள். நேற்று வீச்சு வலை போட்டு எடை பார்த்தோம். இரண்டாம் குட்டை வனாமி இறாலுக்கு வயது 65 நாள், சராசரி 10 கிராம். ஒரு வீச்சுக்குச் சுமார் 60 இறால் விழுந்தது. தீவனம் நாளைக்கு 48 கிலோ போகிறது. உடல் எடையில் 3 சதவீதம் என்று வைத்தால் குட்டையில் 1,600 கிலோ, அதாவது 1,60,000 இறால். செப்டம்பர் 20-ல் விட்டது 2 லட்சம் குஞ்சு, ஆக 80 சதவீதம் பிழைத்திருக்கிறது. நீர்ப் பரிசோதனையில் உப்புத்தன்மை 18. எல்லாவற்றையும் தேதி போட்டுப் பதிவேட்டில் ஏற்றி, பக்கங்களைப் படமும் எடுத்து வைத்தேன்.

நவம்பர் 27

மழை பிடித்துவிட்டது. தீவனத்தை 30 கிலோவாகக் குறைத்தேன். இறால் தின்கிறதா என்று பார்க்கக் கொஞ்சம் தீவனம் வைத்துத் தண்ணீரில் இறக்கும் தட்டுதான் செக் ட்ரே, அதையும் பார்த்தேன். பக்கத்தில் "மழைக்காக நாமே குறைத்தது, செக் ட்ரே இரண்டு மணி நேரத்தில் காலி" என்று எழுதினேன்.

நவம்பர் 29

ராத்திரி கரைக்கு மேல் தண்ணீர் போனது. மதகு வலை கிழிந்துவிட்டது. எத்தனை இறால் வெளியேறியதோ! விடிந்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தகவல் கொடுத்தேன். கரை மண்ணில் வெள்ளம் நின்ற கோடு தெளிவாகத் தெரிகிறது, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தோம்.

நவம்பர் 30

இன்றைய நீர் மாதிரி முக்கியமானது. மழைநீர் லேசானது, உப்புநீருக்கு மேலேயே தங்கிவிடும். கரண்ட் இல்லாததால் ஏரேட்டர் ஓடவில்லை, தண்ணீர் கலக்கவும் இல்லை. மேல்மட்டத்தில் உப்புத்தன்மை 4, அடியில் 14. இறால் கிடப்பது அடியில். காற்று இறங்காமல் ஆக்சிஜன் குறைவதும் அங்கேதான். மேல் தண்ணீரை மட்டும் எடுத்தால் பாதிக் கதைதான் தெரியும். அதனால் இரண்டு பாட்டில் எடுத்து, குட்டை எண், ஆழம், நேரம் மூன்றையும் ஒட்டினேன். ஆய்வகம் முதலில் வெறும் "குட்டை நீர்" என்று அறிக்கை கொடுத்தது. அந்த மூன்று விவரமும் ஏறாமல் வாங்க மாட்டேன் என்று நின்று, திருத்தி வாங்கினேன்.

மாலையில் வலை போட்டோம். அதே ஆள், அதே வலை, அதே இடங்கள். வீச்சுக்கு 24 இறால். 60 இருந்த இடத்தில் 24 என்றால் மிச்சம் 40 சதவீதம், அதாவது 64,000. வெள்ளத்தில் போனது 96,000. தீவனத்தை வைத்து இதைக் கணக்கிட முடியாது. பயந்துபோன இறால் இருந்தாலும் தின்னாது.

டிசம்பர் 4

கரையோரம் இறால் ஒதுங்குகிறது, காக்கை கூட்டமாக இறங்குகிறது. தலை ஓட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. வெள்ளத்தோடு வந்த நண்டுகள் உள்ளே திரிகின்றன; வெண்புள்ளி வைரஸைச் சுமந்து வருபவை அவை. உப்பு இப்படிச் சட்டென்று இறங்கினால் இறாலின் எதிர்ப்புச் சக்தியும் குறைந்துவிடும்.

சாகும் நிலையில் இருந்தவற்றைப் பிடித்து 95 சதவீத ஆல்கஹாலில் போட்டு, பிசிஆர் சோதனைக்கு அனுப்பினேன். ஃபார்மலினில் போட்டால் மரபணு சிதைந்து சோதனையே கெட்டுப்போகும். இழப்பை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை குட்டையை வடிக்கக் கூடாது. பிளீச்சிங் போடாமல் வடித்தால் பக்கத்துக் குட்டைகளும் போய்விடும், அதை நினைத்தால்தான் நெஞ்சு அடைக்கிறது.

டிசம்பர் 7

பிசிஆரில் வெண்புள்ளி உறுதி. சர்வேயர் வந்தார். எண்ணிக்கையை ஒத்துக்கொண்டார். அப்புறம் நவம்பர் 27-ம் தேதிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"சார், தீவனம் 48-லிருந்து 30-க்கு இறங்கியிருக்கே. நோய் அப்பவே வந்துடுச்சோ?"

என் பாலிசியில் வெள்ளத்துக்கும் நோய்க்கும் தனித்தனிக் கழிவு, அதாவது இழப்பில் நிறுவனம் தராமல் கழித்துக்கொள்ளும் பங்கு. நோய் முன்பே இருந்தது என்று ஆகிவிட்டால் மொத்த இழப்பையும் நோயில் தள்ளிவிடலாம், அதில் கழிவு அதிகம். நான் செக் ட்ரே குறிப்பைக் காட்டினேன். நோய் வந்த இறால் தானாகத் தீவனத்தை விடும், ட்ரேயில் மிச்சம் கிடக்கும். இங்கே குறைத்தது என் கை. போட்டதை இறால் தின்று தீர்த்திருக்கிறது. குஞ்சு விடும்போது வாங்கிய பிசிஆர் சான்றையும் கேட்டார், கொடுத்தேன். ஆனால் அது குஞ்சு அன்று சுத்தமாக இருந்தது என்று மட்டும்தான் சொல்லும். நவம்பர் 27-ம் நாளைப் பற்றிப் பேசுவது ட்ரே குறிப்புதான்.

டிசம்பர் 8

அனுமதி கிடைத்தது. அவசர அறுவடையில் 210 கிலோ தேறியது. பிளீச்சிங் போட்டுத் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறோம்.

டிசம்பர் 22

சர்வேயர் அறிக்கை வந்தது. வெள்ள இழப்பு 960 கிலோ, நான் போட்ட கணக்கேதான். நோயில் 640 கிலோவிலிருந்து அறுவடை 210 போக 430 கிலோ. அதுவும் சரி. ஆனால் நோய் தொடங்கிய நாளை "தெளிவில்லை" என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு சொல்லை வைத்து நிறுவனம் பிறகு மறுக்கலாம். நவம்பர் 20 முதல் 28 வரை செக் ட்ரே பக்கங்களை நகலெடுத்து, நவம்பர் 30-ன் இரண்டு நீர் அறிக்கைகளையும் இணைத்து, அந்த வரியைத் திருத்தக் கேட்டு இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.